இரண்டு வருடம் கழித்து ஊருக்கு முதல் டிக்கெட்: அறையில் அடிக்கடி கேட்கப்பட்ட கேள்விகள்

வேலைக்கு வந்து இரண்டு வருடம் முடிகிற சமயத்தில்தான் எனக்கு முதல் விடுப்பு கிடைத்தது. வரும்போது யாரோ டிக்கெட் எடுத்துக் கையில் கொடுத்தார்கள், நான் ஏறி உட்கார்ந்தேன், அவ்வளவுதான். ஆகவே நானே தேடி, கணக்குப் போட்டு, பணம் கட்டி எடுத்த முதல் விமான டிக்கெட் அது. வேலை ஏ.சி. பராமரிப்பு, அறையில் ஆறு பேர். நான் போய்வந்த பிறகு அடுத்தடுத்து விடுப்புக்குக் கிளம்பியவர்கள் என்னிடம் கேட்டதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

கட்டணத்தை எந்த நாட்டுப் பணத்திலும் சொல்லவில்லை. மாதச் சம்பளத்தை 30ஆல் வகுத்தால் வருகிற ஒரு நாள் சம்பளம்தான் இங்கே அளவு. டிக்கெட் எடுக்கும்போதும் இப்படித்தான் எண்ணினேன். விலையும் விடுப்பும் ஒரே அளவில் வந்துவிட்டால் எதை விட்டு எதை வாங்குகிறோம் என்பது தெரிந்துவிடும்.

அண்ணே, முதல்ல லீவு வாங்கணுமா, டிக்கெட் போடணுமா?

லீவு. அதுவும் எழுத்தில். ஃபோர்மேன் "சரி, போய்ட்டு வா" என்று வாயால் சொல்வது அனுமதி ஆகாது. அவர் தன் குழுவை மட்டும் பார்த்துச் சொல்வார். மேலே அலுவலகத்தில் அதே வாரத்துக்கு வேறு இரண்டு பேருடைய விண்ணப்பம் ஏற்கெனவே கிடக்கலாம். புறப்படும் தேதியும் திரும்பி வேலையில் சேரும் தேதியும் போட்ட தாளோ மின்னஞ்சலோ கையில் வந்த பிறகு பணம் கட்டுங்கள்.

அதற்குள் விலை ஏறிவிடுமே என்ற பதற்றம் இருக்கும், எனக்கும் இருந்தது. ஆனால் மலிவு டிக்கெட்டில் தேதியை மாற்றினால் இரண்டு செலவு வரும். ஒன்று, மாற்றுவதற்கான கட்டணம். இன்னொன்று, புதிய தேதியில் அன்று என்ன விலையோ அதற்கும் பழைய விலைக்கும் உள்ள வித்தியாசம். இந்த இரண்டாவதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அனுமதி ஐந்து நாள் தள்ளி வந்தால், காத்திருந்து கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பதைவிட அதிகமாகவே போய்விடும்.

அனுமதிக்குக் காத்திருந்த மூன்று வாரமும் தினம் ராத்திரி ஒரே நேரத்தில் ஒரே மூன்று விமானங்களின் விலையைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதிவந்தேன். எந்த விலை சாதாரணம், எது அதிகம் என்று அதில்தான் பிடிபட்டது.

ஒரே ஃப்ளைட், ஒரே சீட். நேத்து ஒரு ரேட், இன்னைக்கு ஒரு ரேட். நான் தேடுறதைப் பார்த்து ஏத்துறானா?

நீங்கள் தேடுவதால் ஏறவில்லை. விமானத்தின் பின்பகுதியில் எல்லா இருக்கையும் ஒன்றுபோல இருந்தாலும் விற்கும்போது அவற்றைப் பல விலை அடுக்குகளாகப் பிரித்து வைத்திருப்பார்கள். ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு எழுத்து உண்டு. அடி அடுக்கில் இத்தனை, அடுத்ததில் இத்தனை என்று இருக்கைகள் ஒதுக்கப்பட்டிருக்கும். அடி அடுக்கு தீர்ந்ததும் நமக்கு அடுத்த அடுக்கின் விலை தெரியும். யாராவது ரத்து செய்தாலோ, விமானம் எதிர்பார்த்த அளவு நிறையாவிட்டாலோ அடி அடுக்கு மறுபடி திறக்கும். என் நோட்டிலேயே ஒரு விலை 16இலிருந்து 14க்கு இறங்கியது இப்படித்தான் இருக்க வேண்டும்.

இதில் நடைமுறைக்கு உதவும் ஒரு சங்கதி உண்டு. இரண்டு பேர் சேர்ந்து போவதாக இருந்தால், முதலில் ஒரு ஆளுக்கு மட்டும் தேடிப் பாருங்கள். அடி அடுக்கில் ஒரே ஓர் இருக்கை பாக்கி இருந்து நீங்கள் இரண்டு கேட்டால், இரண்டுக்குமே மேல் அடுக்கின் விலையைக் காட்டுவது வழக்கம். அப்போது தனித்தனியாக எடுத்தால் ஒருவருக்காவது மிச்சமாகும்.

எந்த மாசம் போனா மலிவு?

மாதத்தைவிடத் திசையைப் பாருங்கள். பள்ளி விடுமுறையோ பெரிய பண்டிகையோ நெருங்கும்போது இங்கிருந்து ஊர்ப்பக்கம் போகிற விமானம் நிரம்பும். அதே விமானம் திரும்பி வரும்போது பாதி காலியாக வரும். விடுமுறை முடிகிறபோது இது தலைகீழாகும்: எல்லோரும் இந்தப் பக்கம் திரும்புவார்கள், ஊருக்குப் போகிற விமானத்தில் இடம் கிடக்கும். எல்லோரும் திரும்பி வருகிற வாரத்தில் நாம் கிளம்பினால் போவதும் மலிவு. ஒரு மாதம் கழித்து நாம் திரும்பும்போது கூட்டமே இருக்காது என்பதால் வருவதும் மலிவு.

முதலில் எனக்குக் கொடுத்திருந்த முறை விடுமுறை தொடங்குகிற வாரம். நேரடி விமானத்தில் போக வர 26 நாள் சம்பளம் காட்டியது. கிட்டத்தட்ட ஒரு மாத உழைப்பு. எங்கள் குழுவில் ஓர் அண்ணனுக்குப் பள்ளிக்குப் போகிற பிள்ளைகள். அவருக்கோ ஆறு வாரம் தள்ளி, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு முறை வந்திருந்தது. என் மகளுக்கு நான் கிளம்பும்போது இரண்டு மாதம், இப்போது இரண்டு வயது. அவளுக்கு எந்த மாதமும் விடுமுறைதான். அம்மாவுக்குக் கண் புரை அறுவை ஒன்று பாக்கி இருந்தது. டாக்டரிடம் கேட்கச் சொன்னேன், ஆறு வாரம் தள்ளுவதால் ஒன்றும் ஆகாது என்றார். அந்த அண்ணனும் நானும் ஃபோர்மேனிடம் போய் முறையை மாற்றிக்கொண்டோம். ஒரு நாளில் குழுவில் எத்தனை பேர் குறைகிறார்கள் என்பதுதான் அவருக்குக் கவலை, யார் என்பது இல்லை. அதே விமானம் எனக்கு 14 ஆனது. அவர் என் பழைய தேதியில் அதிகம் கொடுத்துத்தான் போனார், ஆனால் பிள்ளைகளோடு முழு விடுமுறையும் இருந்தார்.

முப்பது நாள் லீவுன்னா முப்பது நாள்தானே? அதுல என்ன கணக்கு?

அதில்தான் கணக்கே இருக்கிறது. டிக்கெட் விலையைப் பத்து நாள் துரத்தி மிச்சம் பிடிப்பதைவிட விடுப்புத் தாளை ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பதில் எனக்குக் கிடைத்தது அதிகம்.

முதலில் உங்கள் ஒப்பந்தத்தில் விடுப்பு எப்படி எண்ணப்படுகிறது என்று பாருங்கள். சில இடங்களில் வேலை நாளை மட்டும் எண்ணுவார்கள். சில இடங்களில் காலண்டர் நாள், அதாவது இடையில் வருகிற வார ஓய்வும் விடுப்பில் கழியும். எங்களுக்குக் காலண்டர் நாள், வருடத்துக்கு 21. இரண்டு வருடத்துக்கு 42 சேர்ந்திருந்தது. ஆனால் எல்லோரும் 30 நாள் என்றே எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஏன் 30 என்று கேட்டால் "அதுதான் வழக்கம்" என்றார்கள். ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரம்பு இல்லை. முன்னால் போனவர் 30 எழுதினார், பின்னால் போனவர் அதைப் பார்த்து எழுதினார், அவ்வளவே.

காலண்டர் நாள் கணக்கில் ஒரு சின்ன ஓட்டை உண்டு. விடுப்புக்கு நடுவே வருகிற வார ஓய்வு கழியும். ஆனால் விடுப்பு தொடங்குவதற்கு முந்தின ஓய்வும், முடிந்த மறுநாள் ஓய்வும் கழியாது. வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு, அது வாரத்தின் ஏழாம் நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறாம் நாள் மாலை வேலை முடித்து அன்று ராத்திரியே கிளம்பினால் ஏழாம் நாள் இனாம். விடுப்பு முதல் நாளிலிருந்து ஓடும். கடைசியிலும் ஓய்வு நாள் ஒட்டிக்கொள்ள வேண்டுமானால் விடுப்பு ஆறாம் நாளில் முடிய வேண்டும். முப்பதை எழுதினால் இரண்டாம் நாளில், வாரத் தொடக்கத்தில் முடிந்துவிடுகிறது. கடைசி ஓய்வு கிடைக்காது. 27 எழுதினால் சரியாக ஆறாம் நாளில் முடியும். அடுத்தது 34. நாலு முழு வாரமும் ஆறு நாளும்.

நான் 34 கேட்டேன். ஃபோர்மேன் முகம் சுளித்தார். முப்பது நாள் எடுத்தால் வாரத்தின் மூன்றாம் நாளில் வந்து நிற்பேன், அந்த வாரத்துக்கு ஆள் பிரிக்கும் வேலை அதற்குள் முடிந்திருக்கும், 34 எடுத்தால் வாரத்தின் முதல் நாளிலேயே வருவேன் என்று நோட்டில் எழுதிக் காட்டினேன். அப்புறம் கையெழுத்துப் போட்டார். கூட்டமில்லாத மாதம் என்பதும் உதவியது. இரண்டு பக்க ஓய்வையும் சேர்த்து 36 நாள் வேலைக்குப் போகவில்லை. என் கணக்கில் இன்னும் 8 நாள் பாக்கி.

இதற்கு விலை இல்லாமல் இல்லை. ஓய்வுக்கு முந்தின ராத்திரி கிளம்புவது எல்லோருக்கும் வசதி, அதனால் அந்த விமானம் நடுவார விமானத்தைவிட விலை கூடுதல். நான் பணம் கட்டிய அன்று அது 15, மூன்று நாள் தள்ளிப் போனால் 13. இரண்டு நாள் சம்பளத்தைக் கொடுத்து ஊரில் மூன்று நாள் வாங்கினேன் என்று எண்ணிக்கொண்டேன். உங்களுக்கு அது சரிப்படாமல் போகலாம், ஆனால் இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள்.

சம்பளமில்லா விடுப்பு எடுக்கிற எண்ணம் இருந்தால், ஒரு நாளுக்கு ஒரு நாள் சம்பளம் போகும் என்பதோடு கணக்கு முடிவதில்லை. ஓவர்டைம் வாங்குகிறவருக்கு உண்மையில் ஒரு நாள் என்பது அதைவிட அதிகம். சம்பளத்தோடு கூடிய விடுப்பிலும்கூடப் பல இடங்களில் அடிப்படைச் சம்பளம் மட்டுமே வரும். வீட்டுக்கு அனுப்புகிற தொகை அந்த மாதம் குறையும் என்பதை முன்கூட்டியே எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

மாறிப் போற ஃப்ளைட் அவ்வளவு மலிவா இருக்கே, நீங்க ஏன் எடுக்கலை?

எடுக்கத்தான் இருந்தேன். நேரடி விமானம் 15, நடுவில் ஓரிடத்தில் மாறிப் போவது 11.5. மூன்றரை நாள் சம்பளம் மிச்சம். நோட்டில் நேரத்தை எழுதிப் பார்த்தபோது கதை வேறாகிவிட்டது.

நேரடியாகப் போனால் நாலரை மணி நேரம். அதிகாலையில் இறங்கி, பஸ் பிடித்து, மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம். மாறிப் போனால் போகும்போது 17 மணி நேரம், வரும்போது 21 மணி நேரம். போகும்போது அது இறங்குவது ராத்திரி 11 மணிக்கு. அந்த நேரத்தில் எங்கள் பக்கம் பஸ் கிடையாது. காருக்கு ஒன்றரை நாள் சம்பளம், இல்லையென்றால் விடியும்வரை விமான நிலையப் பெஞ்சு. நடுவில் காத்திருக்கிற இடத்தில் சாப்பாடு, தண்ணீர் என்று இரண்டு பக்கமும் சேர்த்து அரை நாள் சம்பளமாவது போகும். மிச்சம் ஒன்றரைக்கு வந்துவிட்டது. போகும்போது ஒரு நாள் போயிற்று. திரும்பும்போது ஒரு நாள் முன்னதாகவே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். ஊரில் இரண்டு நாளை ஒன்றரை நாள் சம்பளத்துக்கு விற்கச் சொன்னால் விற்பேனா என்று யோசித்தேன். விற்க மாட்டேன்.

ஆனால் என் பழைய தேதியில், நேரடி 26, மாறிப் போவது 16 என்று இருந்தபோது வித்தியாசம் பத்து நாள் சம்பளம். முறை மாறாமல் இருந்திருந்தால் பேசாமல் மாறிப் போகிற விமானத்தில்தான் போயிருப்பேன். மூன்று மாதம் ஊரில் இருக்கப்போகிறவருக்கும் இரண்டு நாள் பெரிதில்லை.

மூன்றாவதாக ஒன்று 10க்குக் காட்டியது. பார்த்தால், அது இரண்டு வேறு நிறுவனங்களின் இரண்டு தனி டிக்கெட்டை ஒட்டவைத்தது. இதில் கவனம் வேண்டும். ஒரே டிக்கெட்டில் மாறிப் போகும்போது முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. பெட்டியும் பொதுவாக ஊர்வரை நேராகப் போய்விடும். இரண்டு தனி டிக்கெட் என்றால் இரண்டாவது நிறுவனத்தைப் பொறுத்தவரை நீங்கள் நேரத்துக்கு வராத பயணி. டிக்கெட் போச்சு. நடுவில் பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டும், பெட்டி எடுக்க அந்த நாட்டுக்குள் நுழைய வேண்டும், நுழைய விசா வேண்டியிருக்கலாம். விசா இல்லையென்று முதல் விமானத்திலேயே ஏற்ற மறுத்தவர்கள் உண்டு. இரண்டு பயணத்துக்கும் ஒரே பி.என்.ஆர். இருக்கிறதா, பெட்டி கடைசி ஊர்வரை போகுமா என்று இரண்டு கேள்வி கேட்டால் போதும், எந்த வகை என்று தெரிந்துவிடும்.

கம்பெனியே டிக்கெட் கொடுக்குதே, இதெல்லாம் எதுக்கு?

டிக்கெட்டாகக் கொடுக்கிறார்களா, பணமாகக் கொடுக்கிறார்களா என்று பாருங்கள். போக வர இரண்டுக்குமா, ஒரு வழிக்கு மட்டுமா என்பதையும் கேளுங்கள். அவர்களே எடுத்தால் பெரும்பாலும் அன்றைக்குள்ள மலிவானதை எடுப்பார்கள், நேரம் பற்றி உங்களிடம் கேட்க மாட்டார்கள். எடுப்பதற்கு முன்னால் நீங்களாகவே விமான எண்ணும் தேதியும் எழுதிக் கொடுத்து, விலை கூடுதலானால் வித்தியாசத்தை நான் தருகிறேன் என்று சொல்லிப் பார்க்கலாம். எனக்கு 12 நாள் சம்பளத்துக்குச் சமமான தொகையைப் பணமாகக் கொடுத்தார்கள், மீதி 3 மட்டும் என் கையிலிருந்து. ஆனால் அந்தப் பணம் டிக்கெட் எடுத்துக் காட்டிய பிறகு சம்பளத்தோடுதான் வந்தது. முதலில் முழுத் தொகையும் நம் கையில் இருக்க வேண்டும்.

திரும்பி வர்ற டிக்கெட்டை ஊர்ல போய் எடுத்துக்கலாமா?

குறைந்த கட்டண நிறுவனங்கள் பொதுவாக ஒவ்வொரு வழியையும் தனித்தனியாக விலை போடும். அங்கே இரண்டையும் ஒன்றாக எடுத்தாலும் தனியாக எடுத்தாலும் பெரிய வித்தியாசம் வராது. பெரிய நிறுவனங்களில் போக வர சேர்த்து எடுப்பது பெரும்பாலும் மலிவு. சில சமயம் ஒரு வழி மட்டும் கேட்டால் இரு வழி விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

நான் சேர்த்தே எடுத்தேன். விலைக்காக மட்டும் இல்லை. ஊருக்குப் போனால் "இன்னும் ஒரு வாரம்" என்று ஒவ்வொருவரும் சொல்வார்கள், நமக்கும் ஆசையாகத்தான் இருக்கும். அப்புறம் கடைசி வாரத்தில் தேடினால் அடி அடுக்கு எதுவும் மிச்சமிருக்காது. வேலையில் சேருகிற அன்று காலையில் இறங்குகிற விமானம் மட்டும் வேண்டாம். நான் விடுப்பின் கடைசி நாள் ராத்திரி 9:30க்குக் கிளம்பி நடுநிசிக்கு மேல் இறங்கினேன். மறுநாள் ஓய்வு. விமானம் ஆறு மணி நேரம் தாமதமானாலும் அந்த ஓய்வு நாள் தாங்கிக்கொள்ளும்.

போக வர ஒரே டிக்கெட்டாக எடுத்தவர் போகிற விமானத்தில் சொல்லாமல் ஏறாமல் விட்டால், திரும்பும் பயணத்தையும் பொதுவாகத் தானாகவே ரத்து செய்துவிடுவார்கள். போக முடியாது என்று தெரிந்தால் விமானம் கிளம்புவதற்கு முன்பே தெரிவித்து மாற்றுங்கள்.

பாஸ்போர்ட்ல எனக்கு ஒரே பேர்தான். ஃபாரம் ரெண்டு பேர் கேக்குது, அப்பா பேரைப் போடட்டுமா?

போடாதீர்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் டிக்கெட்டில் அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டால் அது வேறு ஆளின் பெயர் ஆகிவிடும். சில நிறுவனங்கள் இரண்டு கட்டத்திலும் அதே பெயரைப் போடச் சொல்லும். சில முதல் பெயர்க் கட்டத்தில், முதல் பெயர் தெரியாது என்பதற்கான FNU என்ற எழுத்துகளைப் போடச் சொல்லும். நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால் அவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும். எனக்கும் ஒற்றைப் பெயர்தான். அவர்கள் சொன்னபடி இரண்டிலும் அதையே போட்டேன், டிக்கெட்டில் ஒரே பெயர் இரண்டு தடவை சாய்கோடு போட்டு வந்தது. பார்க்க வேடிக்கையாக இருந்தாலும் கவுன்ட்டரில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஏஜென்ட் மூலம் எடுத்தால் பெயரைப் போனில் சொல்லாமல் பாஸ்போர்ட் பக்கத்தைப் படமாக அனுப்புங்கள்.

ஏஜென்ட் பேப்பர் கொடுத்துட்டார், பி.என்.ஆர். இருக்கு. டிக்கெட் ஆயிடுச்சுல்ல?

இந்த இடத்தில்தான் நான் ஒரு நாள் சம்பளத்தை விட்டேன். என்னிடம் கார்டு கிடையாது. அதனால் ஓர் ஏஜென்டிடம் போய், 14 என்று பேசி, பாதிப் பணம் கொடுத்து, ஒரு தாள் வாங்கி வந்தேன். அதில் என் பெயர், தேதி, விமான எண், ஆறு எழுத்து பி.என்.ஆர்., பக்கத்தில் HK என்றுகூட இருந்தது. HK என்றால் இருக்கை உறுதி என்று ஒருவர் சொன்னார், நிம்மதியாகத் தூங்கினேன்.

இருக்கை உறுதிதான், ஆனால் அது பிடித்துவைத்த இருக்கை. விற்ற டிக்கெட் இல்லை. பிடித்துவைப்பதற்கு ஒரு கெடு உண்டு. அதற்குள் டிக்கெட் வெளியிடாவிட்டால் இருக்கை தானாகவே விற்பனைக்குத் திரும்பிவிடும். மறுநாள் மதியம் விமான நிறுவனத்தின் தளத்தில் பி.என்.ஆரையும் பெயரையும் போட்டுப் பார்த்தேன். அப்படி ஒரு பதிவே இல்லை என்றது. ஏஜென்டிடம் ஓடினேன். மீதிப் பணத்துக்குக் காத்திருந்தேன் என்றார். அதற்குள் விலை 15.

டிக்கெட் ஆனதற்கு அடையாளம் 13 இலக்க டிக்கெட் எண். முதல் மூன்று இலக்கம் விமான நிறுவனத்துக்கு உரியது. ஒரே நிறுவனத்தின் எல்லா டிக்கெட்டுக்கும் அந்த மூன்றும் ஒன்றுபோல இருக்கும். குறைந்த கட்டண நிறுவனங்களில் இந்த எண் இல்லாமல் பி.என்.ஆர். மட்டும் வருவதும் உண்டு. எதுவானாலும் ஏஜென்ட் கடையை விட்டு வெளியே வருவதற்கு முன் நிறுவனத்தின் தளத்தில் உங்கள் போனிலேயே பார்த்துவிடுங்கள். அந்தத் தாளில் பெயர், இரண்டு தேதி, பெட்டி எடை மூன்றையும் விரல் வைத்துப் படியுங்கள். தவறு இருந்தால் அன்றைக்கே சொன்னால் செலவில்லாமல் திருத்த வாய்ப்பு அதிகம், நாள் போகப் போகக் குறையும்.

பெட்டிக்கு எவ்வளவு எடை?

டிக்கெட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான். சிலது மொத்த எடை, உதாரணமாக 30 கிலோ என்று சொல்லும். சிலது உருப்படிக் கணக்கு, 23 கிலோவில் இரண்டு என்று சொல்லும். உருப்படிக் கணக்கில் ஒரு பெட்டி 28, இன்னொன்று 18 என்று கட்டினால் மொத்தம் 46தான் என்று வாதாட முடியாது. ஒரே பெட்டியில் 32 கிலோவுக்கு மேல் பொதுவாக எடுக்கவே மாட்டார்கள். மிக மலிவாகத் தெரிகிற டிக்கெட்டில் பெட்டியே சேராமல் கையில் 7 கிலோ மட்டும் இருக்கலாம். விலையை ஒப்பிடும்போது பெட்டியையும் சேர்த்த விலையை ஒப்பிடுங்கள். கூடுதல் எடை வேண்டுமானால் முன்கூட்டியே தளத்தில் வாங்குவது கவுன்ட்டரில் கட்டுவதைவிட மலிவு.

விசா தேதி முடியப்போகுது. போய்ட்டு வந்து புதுப்பிச்சுக்கலாம்ல?

இரண்டு வருட ஒப்பந்தக்காரர்கள் எல்லோரும் மாட்டுகிற இடம் இது. முதல் விடுப்பு வருவதும் விசா முடிவதும் ஒரே மாதத்தில் விழும். ஊரில் இருக்கும்போது அது காலாவதியானால் திரும்புகிற டிக்கெட் கையில் இருந்தும் ஏற்ற மாட்டார்கள். திரும்பி வருகிற தேதிக்கு அப்பாலும் விசா ஓடுகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் புதுப்பித்த பிறகுதான் டிக்கெட். பாஸ்போர்ட்டும் திரும்பும் தேதியிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்கட்டும். நீங்கள் இருக்கும் நாட்டில் வெளியேறித் திரும்புவதற்குத் தனி அனுமதி வேண்டுமென்றால் அதன் நாள் கணக்கும் விடுப்பு நாள் கணக்கும் ஒத்துப்போக வேண்டும். 36 நாள் போகிறவர் 30 நாள் அனுமதி வாங்கிவைத்த கதை எங்கள் முகாமிலேயே நடந்தது.

வீட்டுக்கு எப்போ சொன்னீங்க?

டிக்கெட் எண் வந்த பிறகு. அதற்கு முன்னால் இரண்டு தடவை ஏதோ தேதி சொல்லி, இரண்டும் மாறி, மனைவி மூன்றாவது தடவை "சரி, சொல்லுங்க" என்று மட்டும் சொன்னாள். அதனால் அந்தத் தடவை தாளைப் படம் எடுத்தே அனுப்பினேன்.

அனுப்பிய இரண்டு நிமிடத்தில் போன். "26ஆம் தேதி 00:40ன்னு போட்டிருக்கே, அப்போ 26 ராத்திரியா கிளம்புறீங்க?" டிக்கெட்டில் இந்த ஒரு வரியை எல்லோரும் இப்படித்தான் படிக்கிறார்கள். 26ஆம் தேதி 00:40 என்றால் 25ஆம் தேதி ராத்திரி பன்னிரண்டு அடித்து நாற்பது நிமிடம். 25ஆம் தேதி ராத்திரி ஒன்பதரைக்கே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். எங்கள் கட்டடத்தில் ஒருவர் 26 ராத்திரி பெட்டியோடு போய் நின்றார், விமானம் முந்தின ராத்திரியே போயிருந்தது. திரும்பும் டிக்கெட்டும் அதோடு போயிற்று. தேடும்போதும் இதே குழப்பம்தான். ஆறாம் நாள் வேலை முடித்துக் கிளம்ப வேண்டுமென்று ஆறாம் நாள் தேதியைப் போட்டுத் தேடினால், அதற்கு முந்தின ராத்திரி விமானத்தைக் காட்டும். நான் வேலையில் இருக்க வேண்டிய நாள். ஏழாம் நாளைப் போட்டுத்தான் தேட வேண்டும். புறப்படும் நேரம் இங்குள்ள கடிகாரப்படி, இறங்கும் நேரம் அங்குள்ள கடிகாரப்படி என்பதையும் அவளுக்குச் சொன்னேன். காலையில் 6:40 என்றால் அவர்கள் வீட்டுக் கடிகாரத்தில் 6:40.

"அப்போ 26 காலையில நீங்க இங்க" என்றாள். ஆமாம் என்றேன். வீட்டுக் காலண்டரில் 26ஐச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டுப் படம் அனுப்பினாள். எங்கள் அறைச் சுவர்க் காலண்டரில் நான் 25ஐச் சுற்றிப் போட்டிருந்தேன்.